சமிக்ஞைக் கோடுகள் நிறைந்திருந்தும் ஒரு பக்கமும் திறக்காதது ஏன்?

கொட்டாஞ்சேனை வாத்தியார் | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். நேற்றுக் காலை முதல் என் கைத்தொலைபேசியில் எந்த இணையப் பக்கமும் திறப்பதில்லை. திரையின் மேலே நான்கு கோடுகளும் நிறைந்திருக்கின்றன, பக்கத்தில் 4G என்ற எழுத்தும் இருக்கிறது. அழைப்புகள் தெளிவாகக் கேட்கின்றன. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்திகள் சில வேளைகளில் வந்து சேர்கின்றன, ஆனால் மாணவர்களின் பெற்றோர் அனுப்பும் படங்கள் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகின்றன. தொலைபேசி இரண்டு வருடம் பழையது, ஆண்ட்ராய்டு 13.

தொலைபேசியை அணைத்துப் போட்டேன். விமானப் பயன்முறையை இட்டு எடுத்தேன். சந்தியிலுள்ள கடைக்காரர் சிம் பழுதாகியிருக்கும் என்றதால் அதையும் மாற்றிவிட்டேன். ஒன்றும் பயனில்லை. என் மனைவியின் தொலைபேசியும் அதே நிறுவனத்தின் இணைப்பில்தான் இருக்கிறது, இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் அவருடையதில் எல்லாம் திறக்கிறது, என்னுடையதில் எதுவும் திறப்பதில்லை. கோடுகள் நிறைந்திருக்கும்போது இது எப்படி நடக்க முடியும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கணக்கன் | திங்கள், இரவு 9.40

வாத்தியார் ஐயா, இது டேட்டா முடிந்துபோன கதை. இங்கே விற்கும் பொதிகளில் பல, சமூக ஊடகங்களுக்கென்று தனி அளவும் மற்ற எல்லாவற்றுக்கும் பொது அளவும் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. பொது அளவு தீர்ந்துவிட்டால் வாட்ஸ்அப் ஓடும், பக்கங்கள் ஓடா. இரவு நேர டேட்டா மட்டும் மிச்சமிருந்தாலும் பகலில் இதே நிலைதான். கோடுகளுக்கும் கணக்கில் மிச்சமிருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மீதியைப் பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் APN அமைப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

புறக்கோட்டை வியாபாரி | திங்கள், இரவு 10.05

என் கடையிலும் இதே தொல்லை இருந்தது. உள்ளறைக்குப் போனால் அழைப்பு அறுந்துவிடும். சமிக்ஞையைப் பெருக்கும் கருவி ஒன்றை வாங்கிப் பூட்டினேன், இப்போது உள்ளறையிலும் நிறைந்த கோடுகள். ஆசிரியரும் அதையே செய்யலாம்.

கொட்டாஞ்சேனை வாத்தியார் | திங்கள், இரவு 10.21

வியாபாரி ஐயா, எனக்குக் கோடுகள் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கின்றன. கணக்கன், நீங்கள் சொன்னபடி பார்த்தேன். எந்நேரமும் பாவிக்கக்கூடிய டேட்டா 11 ஜிபி மிச்சமிருக்கிறது. APN அமைப்பு மனைவியின் தொலைபேசியில் உள்ளதைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறது.

கோபுரத்தடியான் | திங்கள், இரவு 11.30

கோபுரங்களில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில், முதலில் அந்தக் கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் குழப்பம் முழுவதும் அவை சொல்லாத ஒன்றை அவை சொல்வதாக நாம் நினைப்பதால் வருகிறது.

கோபுரம் எந்நேரமும் ஒரு மாறாத அடையாள ஒலியைப் பரப்பிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் தொலைபேசிக்கு எவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பதைத்தான் கோடுகள் காட்டுகின்றன, வேறு எதையும் அல்ல. கோயில் மணி வீட்டில் நன்றாகக் கேட்கிறது என்பதால் கோயில் கதவு திறந்திருக்கிறது என்று ஆகாதல்லவா? அமைப்புகளில் `SIM status` என்ற இடத்திற்குப் போனால் கோடுகளுக்குப் பதிலாக எண்ணையே பார்க்கலாம். 4G-இல் அது சுழியத்துக்குக் கீழே, -60 முதல் -120 வரை எங்கோ நிற்கும். ஆண்ட்ராய்டின் வழக்கமான அளவுகோலின்படி -98-ஐத் தாண்டிவிட்டாலே நான்கு கோடுகளும் நிறைந்துவிடும். -68 இருக்கும் தொலைபேசியிலும் அதே நான்கு கோடுகள்தான், ஆனால் இரண்டுக்கும் இடையே சக்தியில் ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. இந்த அளவுகோலை நிறுவனங்கள் தம் விருப்பத்துக்கு மாற்றவும் முடியும். ஆகவே இரண்டு தொலைபேசிகளின் கோடுகளை ஒப்பிட்டுப் பேசுவதில் பெரிதாகப் பொருளில்லை.

மணி கேட்ட பிறகு நடக்க வேண்டியவை வேறு. உங்கள் தொலைபேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்க வேண்டும், நிறுவனம் உங்களுக்கு ஓர் இணைய முகவரியைத் தர வேண்டும், நீங்கள் தட்டச்சிட்ட பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்று யாரோ சொல்ல வேண்டும், அதன் பின்னரே பக்கம் வரும். எங்கே அறுந்தாலும் கோடுகள் அசையமாட்டா.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க மிகச் சுருக்கமான வழி, பெயரைத் தவிர்த்துவிட்டு எண்ணால் கேட்டுப் பார்ப்பது. வைஃபையை அணைத்துவிட்டு, உலாவியின் முகவரிப் பட்டையில் இதை அப்படியே எழுதுங்கள்.

```
https://1.1.1.1/cdn-cgi/trace
```

சில வரிகள் கொண்ட வெறும் எழுத்துப் பக்கம் வந்தால், அதில் `loc=LK` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். `ip=` என்று தொடங்கும் வரியில் இருப்பது உங்கள் முகவரி, அதை இங்கே ஒட்ட வேண்டாம். பக்கம் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்றும், வழக்கமான பக்கங்கள் திறக்காதபோது உலாவி காட்டும் பிழையின் சரியான எழுத்துகளையும் எழுதுங்கள்.

வியாபாரி அவர்களுக்கு ஒரு வார்த்தை: தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி அத்தகைய கருவிகளைப் பூட்டக்கூடாது. சட்டம் ஒருபுறமிருக்க, மலிவான கருவி தன் இரைச்சலையும் சேர்த்தே கோபுரத்துக்கு அனுப்புகிறது. உங்களுக்குக் கோடு கூடும், அயலில் பத்துப் பேருக்கு இணைப்புக் கெடும்.

கடற்கரை வீதி நித்தியா | செவ்வாய், காலை 6.50

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான் என்று நினைக்கிறேன். நாங்கள் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். கோடுகள் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆனால் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு பக்கங்கள் திறப்பதே இல்லை, பத்தரைக்குப் பிறகு மெதுவாகத் திறக்கத் தொடங்கும். நேற்றிரவு இந்த இழையைப் பார்த்துவிட்டு அந்த எண் முகவரியை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை வரவேயில்லை, இரண்டாம் தடவை அரை நிமிடத்துக்கு மேல் கழித்து வந்தது.

கொட்டாஞ்சேனை வாத்தியார் | செவ்வாய், காலை 7.15

எனக்கு அந்தப் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது! `loc=LK` என்ற வரியும் இருக்கிறது. `SIM status` என்ற இடத்தில் -83 dBm என்று காட்டுகிறது. ஆனால் வழக்கமான எந்தப் பெயரை எழுதினாலும் சில விநாடிகளில் `ERR_NAME_NOT_RESOLVED` என்று வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன். நான் வகுப்பு நடத்தும் இடத்தில் வைஃபை உண்டு, ஞாயிற்றுக்கிழமை அதில் இணைந்தபோதும் என் தொலைபேசியில் எதுவும் திறக்கவில்லை. அந்த வைஃபையும் அன்று பழுதாக இருந்தது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கோபுரத்தடியான் | செவ்வாய், காலை 8.02

ஆசிரியரே, நீங்கள் மறந்துபோன அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. எண்ணால் கேட்ட பக்கம் உடனே வந்துவிட்டது என்றால் கோபுரம், சிம், டேட்டா மீதி, APN எல்லாமே குற்றமற்றவை. கணக்கன் சொன்னபடி பொது டேட்டா தீர்ந்திருந்தால் அந்தப் பக்கமும் வந்திருக்காது. கோபுரத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத வைஃபையிலும் அதே தொலைபேசி அதே விதமாகத் தடுமாறியது என்றால், பழுது தொலைபேசியின் உள்ளே, பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் இருக்கிறது.

அமைப்புகளில் இணைய இணைப்புகளுக்கான பகுதிக்குள் `Private DNS` என்று ஓர் இடம் இருக்கும். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மாற்றுவதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை வாத்தியார் | செவ்வாய், காலை 8.20

இருக்கிறது, ஐயா. நான் எழுதாத ஒரு பெயர் அங்கே இருக்கிறது, அதன் கீழே இணைக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பும் தெரிகிறது. `Automatic` என்பதைத் தெரிவு செய்தேன். பத்து விநாடிக்குள் எல்லாப் பக்கங்களும் திறந்துவிட்டன, இரண்டு நாட்களாகச் சுற்றிக்கொண்டிருந்த படங்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டுகின்றன. மிகுந்த நன்றி. ஆனால் அந்தப் பெயரை எழுதியது யார், சனிக்கிழமை வரை ஓடிய தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை ஏன் நின்றது, வாட்ஸ்அப் மட்டும் ஏன் அரைகுறையாக ஓடியது என்பதையும் விளக்குவீர்களா?

கோபுரத்தடியான் | செவ்வாய், பிற்பகல் 1.10

மதிய உணவு முடிந்தது, ஆறுதலாக எழுதுகிறேன்.

நாம் எழுதும் பெயர் தொலைபேசிக்குப் புரியாது, எண்ணைத்தான் அது தேடிப் போகும். வழக்கமாகத் தொலைபேசி இந்தக் கேள்வியை நிறுவனத்தின் பெயர்ச் சேவையகத்திடம் மறைப்பின்றிக் கேட்கும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அதே கேள்வியை மறையாக்கம் செய்து, 853 என்ற வாயில் வழியாக, நாம் விரும்பும் ஒரு சேவையகத்திடம் கேட்க வசதி உண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் சேவையகங்களைப் பலர் இப்படித்தான் பாவிக்கிறார்கள்.

`Automatic` என்று விட்டிருந்தால், தொலைபேசி நிறுவனத்தின் சேவையகத்திடமே மறையாக்கத்துடன் பேச முயலும், அதற்கு இயலாவிட்டால் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். ஆனால் ஒரு சேவையகத்தின் பெயரை நீங்களே எழுதிவிட்டால் கதை வேறு. அந்தச் சேவையகம் பதில் சொல்லாவிட்டாலோ, தான் இன்னார்தான் என்று நிறுவ அது காட்டும் சான்றிதழ் பொருந்தாவிட்டாலோ, தொலைபேசி வேறு எவரிடமும் கேட்காது. நம்பிக்கையற்ற ஒருவரிடம் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பதே மேல் என்று வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். தொலைபேசி எந்த வலையமைப்பில் இணைந்தாலும் இந்த அமைப்பு மாறாது. வைஃபைக்குப் போனாலும், சிம்மை மாற்றினாலும், அந்த ஒரு வரி கூடவே வரும். புதிய சிம்முக்குக் கொடுத்த காசு வீண்தான்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகள் தாம் முன்பு பேசிய எண்கள் சிலவற்றைத் தம்மிடம் வைத்திருக்கும், ஆகவே பெயர் கேட்காமலே சில இணைப்புகளை உயிர்ப்பித்துக்கொள்ளும். படங்கள் வேறு பெயருள்ள சேவையகங்களிலிருந்து வருவதால் அவை மாட்டிக்கொண்டன. இந்த அரைகுறை ஓட்டம்தான் உங்களையும் கணக்கனையும் பொதிப் பக்கம் திருப்பிவிட்டது. நியாயமான சந்தேகம்தான், வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றே.

யார் எழுதினார் என்பதை நீங்கள்தான் வீட்டில் விசாரிக்க வேண்டும்.

கணக்கன் | செவ்வாய், பிற்பகல் 2.30

ஏற்றுக்கொள்கிறேன், அந்த எண் முகவரிச் சோதனை எனக்குப் புதிது. அப்படியென்றால் இந்த `Private DNS` என்பதை எல்லோரும் `Off` நிலையில் வைத்துவிடுவதே நல்லதல்லவா? கடைகளில் தொலைபேசி விற்கும்போதே அப்படிக் கொடுத்துவிடலாம்.

கோபுரத்தடியான் | செவ்வாய், பிற்பகல் 3.05

அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். `Automatic` நிலையில் அது எவரையும் இப்படித் தவிக்கவிட்டதை நான் கண்டதில்லை. தவிக்கவிடுவது எழுதிவைத்த பெயர்தான். பெயர் எழுதுபவர் அதைத் தான் எழுதியதாக நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

கொட்டாஞ்சேனை வாத்தியார் | செவ்வாய், இரவு 8.45

விசாரித்துவிட்டேன். எழுதியது என் அத்தான். சில மாதங்களுக்கு முன், பிள்ளைகள் என் தொலைபேசியில் விளையாடும்போது விளம்பரங்கள் வருகின்றன என்று நான் முறைப்பட்டபோது, தான் வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு சேவையகத்தின் பெயரை அதில் எழுதிவிட்டிருக்கிறார். அந்தச் சேவையகத்தின் சான்றிதழ் 90 நாட்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பிக்கப்பட வேண்டுமாம். இம்முறை அது நடக்கவில்லை. சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டிச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறது. அவர் தன் தொலைபேசியைப் போன மாதம் மாற்றியபோது இந்த அமைப்பைச் செய்யாமல் விட்டதால், அவருக்கு எதுவும் தெரியவில்லை. என் மாமியின் தொலைபேசியும் ஞாயிறு முதல் நின்றிருக்கிறது. அவர் இணையம் பார்ப்பதே அரிது என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

அத்தான் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டார், மறுபடி அந்தப் பெயரை எழுதச் சொல்கிறார். விளம்பரமே பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடற்கரை வீதி நித்தியா | செவ்வாய், இரவு 9.20

என்னுடையதையும் பார்த்தேன், அங்கே `Automatic` என்றுதான் இருக்கிறது. எனக்கு வரும் பிழையும் வேறு, `ERR_CONNECTION_TIMED_OUT` என்று வருகிறது. இப்போதும் அப்படித்தான், இந்தப் பதிவை வீட்டு வைஃபையிலிருந்து எழுதுகிறேன். வைஃபையில் எந்தக் குறையும் இல்லை.

கோபுரத்தடியான் | செவ்வாய், இரவு 10.15

உங்களுடையது ஆசிரியருடையதற்கு நேரெதிரானது, தங்கச்சி. அவருக்கு எண்ணால் கேட்டால் உடனே வந்தது, நாள் முழுவதும் ஒரே பிழை. உங்களுக்கு எண்ணால் கேட்டாலே தடுமாறுகிறது, அதுவும் மணிக்கு மணி மாறுகிறது. ஆகவே உங்கள் பழுது தொலைபேசிக்கு வெளியே, காற்றிலோ கோபுரத்துக்குப் பின்னாலோ இருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள் உண்டு. முதலாவது, நெரிசல். ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்து அலைவரிசையை அந்தப் பக்கத்திலுள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே தொடர்மாடிகள் நெருங்கி நிற்கும் இடத்தில், எல்லோரும் வேலை முடிந்து வந்து படம் பார்க்கும் வேளையில் பங்கு மிகச் சிறியதாகிவிடும். எத்தனை பேர் பங்கிட்டாலும் அடையாள ஒலியின் உரப்பு குறையாது, கோடும் குறையாது.

இரண்டாவது, உங்கள் உயரம். ஒன்பதாம் மாடியில் கடல் பக்கம் எந்தத் தடையும் இல்லை, ஆகவே தெஹிவளை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கோபுரங்கள்கூட உங்களுக்கு ஏறக்குறைய ஒரே உரப்பில் கேட்கலாம். திருவிழாவில் நான்கு ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் பாடினால் சத்தத்துக்குக் குறைவிருக்காது, ஆனால் ஒரு வரியும் விளங்காது. தரையில் நிற்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு, கட்டடங்களே தூரத்துக் கோபுரங்களை மறைத்துவிடும்.

நெரிசலா, கலப்பா என்று பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. அதிகாலை நான்கு ஐந்து மணிக்கு ஒரு தடவையும், இரவு ஒன்பது மணிக்குக் கட்டடத்தின் கீழே வாசலில் நின்று ஒரு தடவையும் பாருங்கள். அதிகாலையில் முழுவதும் சரியென்றால் பெரும்பாலும் நெரிசல். இரவிலும் கீழே சரியாகி மேலே சரியாகாவிட்டால் கலப்பு.

கடற்கரை வீதி நித்தியா | வியாழன், காலை 6.35

இரண்டையும் செய்துவிட்டேன், ஆனால் விடை தெளிவாக இல்லை. காலை ஐந்து மணிக்குப் பக்கங்கள் திறக்கின்றன, இருந்தாலும் வைஃபையில் போல விரைவாக இல்லை. நேற்றிரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்றபோது ஒரு கோடு குறைந்தது, ஆனால் பக்கங்கள் மேலே இருந்ததைவிட நன்றாகத் திறந்தன. காவலாளி நான் ஏதோ தேடுகிறேன் என்று நினைத்து விசாரிக்க வந்துவிட்டார். காலி வீதியைப் பார்த்த பின்னறையிலும் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

கோபுரத்தடியான் | வியாழன், இரவு 7.50

கோடு குறைந்த இடத்தில் பக்கம் நன்றாகத் திறந்தது என்பது கலப்பின் அடையாளம். அதிகாலையில் திருந்துகிறது என்பது நெரிசலைக் காட்டுகிறது என்றாலும், தூரத்துக் கோபுரங்களும் அந்நேரம் வேலையின்றி அமைதியாக இருப்பதால் கலப்பும் அப்போது தணியும். ஆகவே இரண்டும் கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது, எது எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதும்போது "சமிக்ஞை இல்லை" என்று எழுதாதீர்கள், கோடு நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். மாடி, எந்தத் திசையைப் பார்த்த அறை, மணி, `SIM status` காட்டிய எண், வாசலில் கிடைத்த மாற்றம் ஆகியவற்றை எழுதுங்கள். அவர்களிடம் அந்தந்தக் கோபுரத்தின் மணிவாரியான சுமைக் கணக்கு இருக்கும்.

கணக்கன் | வியாழன், இரவு 8.10

நான் நெரிசல் என்றே பந்தயம் கட்டுவேன். எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் ஏழு மணிக்குப் பிறகு இதே கதிதான், அவருக்குக் கடலே தெரியாது.

கடற்கரை வீதி நித்தியா | வியாழன், இரவு 8.32

முறைப்பாடு எழுதி அனுப்பிவிட்டேன், ஏழு வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று குறுஞ்செய்தி வந்தது. அதுவரை பின்னறையில் கதிரையைப் போட்டிருக்கிறேன்.